விலையைச் சொல்வதற்கு முன் ஆதாரத்தைக் காட்டுங்கள்: ஒன்ராறியோவில் முதல் லிஸ்டிங் சந்திப்புக்குத் தயாராகும் முறை

ஏஜண்ட் லைசன்ஸ் கிடைத்த முதல் வருடம், ஸ்காபரோவில் ஒரு வீட்டுக்குப் போனேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்கார அம்மா கேட்டார்: "தம்பி, எங்கடை வீடு எவ்வளவுக்குப் போகும்?" நானும் வாசலில் நின்றபடியே ஒரு தொகையைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் இருந்து பேசினேன். அவர்கள் காதில் விழுந்தது அந்த ஒரு எண் மட்டும்தான். அடுத்த நாள் வந்த இன்னொரு ஏஜண்ட் அதைவிட எழுபதாயிரம் டொலர் கூடச் சொன்னார், வீட்டை விற்றுக்கொடுக்கும் பொறுப்பு, அதாவது லிஸ்டிங், அவருக்குப் போனது. என் எண் சரியா, அவருடையது சரியா என்று அந்தக் குடும்பம் பார்க்க வழியே இல்லை. இரண்டுக்கும் பின்னால் எந்தக் காகிதமும் இல்லையே.

வீட்டுக்காரரோடு முதல் தடவை மேசையில் உட்காரும்போது நீங்கள் வைக்க வேண்டியது அந்தக் காகிதம்தான். இதை லிஸ்டிங் பிரசன்டேஷன் என்கிறோம். பலர் அதை நாற்பது பக்க வண்ணப் புத்தகமாகச் செய்து, முதல் பத்துப் பக்கங்களை நிறுவனத்தின் விருதுகளுக்கும் தங்கள் படத்துக்கும் கொடுக்கிறார்கள். நான் இப்போது ஒன்பது பக்கத்துக்கு மேல் போவதில்லை. வரிசையும் மாறுவதில்லை: அவர்கள் வீடு, அயலில் விற்ற வீடுகள், இப்போது விற்பனைக்கு நிற்கும் வீடுகள், விலை வரம்பு, விற்கும் திட்டம், செலவும் கையில் மிஞ்சும் தொகையும். என்னைப் பற்றிய பக்கம் கடைசியில் வரும்.

கீழே ஒரு வீட்டை வைத்து முழுவதையும் செய்து காட்டுகிறேன். எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் அமைத்தவை. நீங்கள் உங்கள் தெருவின் எண்களைப் போட வேண்டும்.

போவதற்கு முன்

நமது வீடு ஸ்காபரோவில் ஒரு தனி பங்களோ. 45 அடி அகலக் காணி, மேலே மூன்று படுக்கையறை, பக்கவாசலோடு முடித்த பேஸ்மென்ட், பின்பக்கம் ஒரு கார் நிற்கும் கராஜ். பேஸ்மென்ட்டில் ஒரு மாணவர் வாடகைக்கு இருக்கிறார். வீட்டுக்காரர் 2009இல் வாங்கிய கணவன் மனைவி.

முதலில் காணிப் பதிவேட்டைப் பாருங்கள். உறுதியில் யார் பெயர், என்ன அடமானம், வேறு ஏதாவது பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்பதை அது சொல்லும். உறுதியில் கணவர் பெயர் மட்டும் இருந்தாலும், அது அவர்கள் குடும்பமாக வாழும் வீடு என்றால் ஒன்ராறியோ குடும்பச் சட்டப்படி விற்பதற்கு மனைவியின் சம்மதம் தேவை. அதனால் சந்திப்பு நேரம் குறிக்கும்போதே இருவரும் இருக்கும் நாளைக் கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் விளக்கிவிட்டு வந்தால், நீங்கள் சொன்னதை அவர் மற்றவருக்கு அரைகுறையாகச் சொல்லுவார். அங்கே மிஞ்சுவது விலையும் கொமிஷன் வீதமும் மட்டும்தான்.

அடுத்தது சட்டக் கடமை. ஏஜண்டுகளின் நடத்தைக்கென்று 2023 டிசம்பர் 1 முதல் ஒன்ராறியோவில் நடைமுறையில் உள்ள 'ட்ரேசா' சட்டத்தின்படி, எந்தச் சேவையும் தொடங்குவதற்கு முன், ஏஜண்டுகளை மேற்பார்வை செய்யும் ரீக்கோ அமைப்பின் தகவல் கையேட்டை வீட்டுக்காரருக்குக் கொடுத்து, அதை விளக்கவும் வேண்டும். கையேட்டை முதல் நாளே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்ததும் முதல் பத்து நிமிடத்தை அதற்குக் கொடுங்கள். உங்கள் வாடிக்கையாளராக இருப்பது என்றால் என்ன, ஏஜண்ட் இல்லாமல் தானே தன்னைப் பிரதிநிதித்துவம் செய்பவர் யார், ஒரே ஏஜண்ட் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் சேர்ந்து வேலை செய்தால் என்ன மாறும் என்பதைத் தமிழில் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு அந்தக் கையேட்டின் ஆங்கிலம் பாரமாக இருக்கும். தலையாட்டுவார்கள், ஆனால் விளங்கியிருக்காது. "நான் சொன்னதை நீங்கள் ஒருக்கால் திருப்பிச் சொல்லுங்கோ அக்கா" என்று கேட்பதில் தவறில்லை.

வீட்டைச் சுற்றிப் பார்ப்பது

முடிந்தால் இதைத் தனிச் சந்திப்பாக வையுங்கள். இன்று வீட்டைப் பார்த்து, இரண்டு நாள் கழித்துக் காகிதத்தோடு வருவது நல்லது. வீட்டைப் பார்க்காமல் போட்ட விலை வீட்டுக்குள் போனதும் மாறும்.

குளியலறையைப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். புதியவர்கள் தவறவிடுவது பேஸ்மென்ட்டின் கொதிகலன் அறையை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். ஃபர்னஸின் பக்கத்தில் ஒட்டிய தகட்டில் அது செய்த வருடம் இருக்கும். வெந்நீர்த் தாங்கியில் ஒரு நிறுவனத்தின் ஸ்டிக்கர் இருந்தால் அது பெரும்பாலும் வாடகைத் தாங்கி. வாடகை பில்லை வாங்கிப் பார்த்தால் மாதத் தொகை தெரியும். ஃபர்னஸும் ஏசியும்கூட நீண்டகால வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும் வீடுகள் உண்டு. வீட்டுக்கு வந்து கதவைத் தட்டிய விற்பனையாளரிடம் கையெழுத்துப் போட்டதை அவர்களே மறந்திருப்பார்கள். அந்த ஒப்பந்தங்களின் பேரில் உறுதியில் பதிவு போடும் வழக்கத்தை நுகர்வோர் பொருட்களுக்கு ஒன்ராறியோ 2024 ஜூனில் தடை செய்தது. ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். வாங்குபவர் அதை ஏற்கிறாரா, விற்பவர் பணம் கட்டி முடிக்கிறாரா என்பதை இப்போதே எழுதிவையுங்கள். முடிக்கிற நாளுக்கு முந்திய வாரம் வழக்கறிஞர் அலுவலகத்தில் இது வெளியே வந்தால் சண்டை வரும்.

பேஸ்மென்ட்டுக்கு அனுமதிக் காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். நகரசபை அனுமதி, மின்சாரப் பரிசோதனைச் சான்று, தீப்பாதுகாப்புக்கான காகிதம். இல்லையென்றால் விளம்பரத்தில் 'சட்டப்படியான பேஸ்மென்ட் அபார்ட்மென்ட்' என்ற சொல் வரக்கூடாது. பக்கவாசல் இருக்கிறது, சமையலறை இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லலாம்.

வாடகைக்காரர் இருப்பதால் இன்னொரு கேள்வியும் எழும். வீட்டுக்காரர் பெரும்பாலும், "அவரை ஒரு மாதத்தில் எழும்பச் சொல்லலாம்" என்பார். அப்படிச் செய்ய முடியாது. விற்பதற்காக என்று மட்டும் சொல்லி வாடகைக்காரரை எழுப்பச் சட்டத்தில் இடமில்லை. வாங்குபவரோடு ஒப்பந்தம் ஆனபின், அவரோ அவரது நெருங்கிய குடும்பமோ அங்கே குடியிருக்கப் போகிறது என்றால்தான், வீட்டை விடச் சொல்லும் அறிவித்தலான என்-12 படிவத்தைக் கொடுக்கலாம். அறுபது நாள் அவகாசமும் ஒரு மாத வாடகை இழப்பீடும் வேண்டும். வீட்டைக் காட்ட வருவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். உங்கள் விற்பனைத் திட்டத்தின் திகதிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான் அமையும். அதனால்தான் விலைக்கு முன்னால் இதைக் கேட்கிறோம்.

விலை ஆதாரம்

சந்திப்பின் பாதி நேரம் இதற்குத்தான். வீட்டுக்காரர் மனதில் ஏற்கெனவே ஒரு எண் இருக்கும். நமது உதாரணத்தில் அது 1,150,000. "மூன்று வீடு தள்ளி இருக்கிற வீடு அந்த விலைக்குப் போனதே" என்பார்கள். போனது உண்மைதான், 2022 பெப்ரவரியில். ரொறன்ரோ பகுதியில் விலை உச்சத்தில் நின்ற மாதம் அது. அவர்களை மறுத்துப் பேச வேண்டாம். அந்த வீட்டையும் உங்கள் காகிதத்தில் போடுங்கள், திகதியோடு. பக்கத்தில் அதே மாதிரி வீடுகள் இந்த வருடம் விற்ற விலையைப் போடுங்கள். திகதி தானே பேசும்.

இன்னும் இரண்டு எண்களை அவர்கள் எடுத்துக் காட்டக்கூடும். ஒன்று சொத்து வரித்தாளில் உள்ள, ஒன்ராறியோவில் சொத்துகளை மதிப்பிடும் எம்பாக் நிறுவனத்தின் மதிப்பீடு. அது 2016 ஜனவரி 1 அன்றைய மதிப்பை வைத்துப் போட்டது. வரியைப் பங்கிடுவதற்கான கணக்கு அது, இன்றைய சந்தை விலையோடு அதற்குச் சம்பந்தமில்லை. மற்றது காணிப் பதிவேட்டில் உள்ள விற்பனை. பதிவேட்டில் விழும் திகதி, வீடு கைமாறிய நாள். விலை பேசி முடித்த நாள் அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் இருக்கும். விலை இறங்கிக்கொண்டிருக்கும் சந்தையில் பதிவேட்டுத் திகதியை நம்பினால், பழைய விலையைப் புதிய விலை என்று நினைத்துவிடுவீர்கள். ஏஜண்டுகள் விற்பனை வீடுகளைப் பதியும் எம்.எல்.எஸ்ஸில், ஒஃபர் உறுதியான திகதியைத்தான் எடுக்க வேண்டும்.

இப்போது ஒப்பீட்டு வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். ஏஜண்டுகள் பேச்சில் 'கொம்ப்ஸ்' என்பார்கள். ஒரே வகை வீடு, நடந்து போகும் தூரம், கடந்த மூன்று மாதம். பங்களோவுக்குப் பங்களோதான், இரண்டு மாடி வீட்டைக் கொண்டுவராதீர்கள். பெரிய வீதியைத் தாண்டினால் சில இடங்களில் பள்ளி எல்லை மாறும், அதையும் பாருங்கள். பத்து வீடுகளைக் காட்டினால் யாரும் பின்தொடரமாட்டார்கள். மூன்று போதும், ஆனால் அந்த மூன்றையும் நீங்கள் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். படங்களைப் பார்த்தீர்களா, அதை விற்ற ஏஜண்டோடு பேசினீர்களா, வெளியே காரை நிறுத்திப் பார்த்தீர்களா?

முதல் வீடு: இரண்டு தெரு தள்ளி, மூன்று வாரம் முன்பு 930,000க்கு விற்றது. காணி, அறைகள் எல்லாம் நமது வீடு மாதிரியே. பேஸ்மென்ட் மட்டும் முடிக்காதது.

இரண்டாம் வீடு: இரண்டு மாதம் முன்பு 985,000. மேலே முழுக்கப் புதுப்பித்தது, காணி ஐந்தடி அகலம் கூட.

மூன்றாம் வீடு: ஐந்து வாரம் முன்பு 905,000. பேஸ்மென்ட் நம்முடையதைப் போல. ஆனால் பின்வளவு பெரிய வீதியைப் பார்க்கிறது, கராஜும் இல்லை.

இவற்றை நமது வீட்டுக்குச் சரிசெய்ய வேண்டும். புதியவர்கள் பிழைவிடும் இடம் இது. திருத்தத்தை எப்போதும் விற்ற வீட்டின் விலையில்தான் செய்ய வேண்டும், நமது வீட்டின் விலையில் அல்ல. விற்ற வீட்டில் குறை இருந்தால் அதன் விலையோடு கூட்டுங்கள், மேலதிகம் இருந்தால் கழியுங்கள். 'அந்த வீடு நமது வீடு மாதிரியே இருந்திருந்தால் எவ்வளவுக்குப் போயிருக்கும்?' என்ற கேள்வியை மனதில் வைத்தால் குறி மாறாது.

முதல் வீட்டுக்கு, பேஸ்மென்ட் இல்லாததற்கு 35,000 கூட்டினால் 965,000. இரண்டாவதில் புதுப்பித்ததற்கு 30,000, காணிக்கு 15,000 கழித்தால் 940,000. மூன்றாவதில் வீதிக்கு 25,000, கராஜுக்கு 15,000 கூட்டினால் 945,000.

35,000 எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்காரர் கேட்பார், கேட்கவும் வேண்டும். அயலில் விற்ற இரண்டு வீடுகளை எடுத்துப் பாருங்கள். ஒன்றில் பேஸ்மென்ட் முடித்தது, மற்றதில் முடிக்காதது, மற்றபடி ஏறக்குறைய ஒன்றே. விலை வித்தியாசம்தான் வாங்குபவர்கள் பேஸ்மென்ட்டுக்குக் கொடுத்த மதிப்பு. அப்படி இரண்டு மூன்று சோடி கிடைத்தால் ஒரு நம்பகமான தொகை வரும். செலவழித்த தொகையை மட்டும் எடுக்காதீர்கள். சமையலறைக்கு நாற்பதாயிரம் போட்டவர் அந்த நாற்பதும் விலையில் வரும் என்று எதிர்பார்ப்பார். வாங்குபவர் அவருடைய பில்லைப் பார்ப்பதில்லை, பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள். அந்தச் சமையலறையில் அவர்களுடைய பல வருட உழைப்பு இருக்கிறது.

மூன்று வீடும் 940,000க்கும் 965,000க்கும் இடையில் நிற்கின்றன. முதல் வீடுதான் மிக அண்மையில் விற்றது, ஒரே ஒரு திருத்தம்தான், ஆகவே அதற்குக் கொஞ்சம் கூடுதல் கனம் கொடுக்கலாம். ஆனாலும் அதன் மேலெல்லை ஒரே ஒரு பெரிய திருத்தத்தில் தங்கியிருக்கிறது. எனவே 945,000 முதல் 960,000 என்று ஒரு வரம்பைச் சொல்வேன். ஒற்றை எண் சொல்வதில்லை. மூன்று வீடுகளும் சரிசெய்தபின் எழுபது எண்பதாயிரம் விலகி நின்றால், ஏதோ ஒரு திருத்தம் பிழை, அல்லது ஒரு வீடு அங்கே இருக்கக்கூடாதது. அதைக் கண்டுபிடிக்காமல் சந்திப்புக்குப் போகாதீர்கள்.

அப்புறம், விற்காத வீடுகள். இவற்றைப் பலர் காட்டுவதில்லை, எனக்கு இதுதான் மிகப் பலமான பக்கம். அதே அயலில் 1,049,000க்குப் போட்டு, தொண்ணூறு நாள் நின்று, லிஸ்டிங் காலாவதியான பங்களோ ஒன்று. 999,000க்கு ஐம்பத்திரண்டு நாளாக நிற்கும் இன்னொன்று. விற்ற வீடு சந்தை எதை ஏற்றது என்று காட்டுகிறது, நிற்கும் வீடு எதை ஏற்கவில்லை என்று காட்டுகிறது. நமது வீடு விற்பனைக்கு வரும் நாளில் வாங்குபவர் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போவது அந்த 999,000 வீட்டைத்தான். சில வீடுகளின் முழு வரலாற்றையும் இழுத்துப் பாருங்கள். ஒரு விலையில் போட்டு எடுத்து, மறுபடி புதிதாகப் போட்டிருந்தால், 'ஐந்து நாள்' என்று காட்டும் வீடு உண்மையில் ஐம்பது நாளாக நிற்பதாக இருக்கும்.

இவ்வளவையும் காட்டிய பிறகு நான் காகிதத்தை அவர்கள் பக்கம் திருப்பி, "நீங்கள் வாங்க வந்தவர் என்றால் இந்த வீடுகளில் எதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருப்பேன். பெரும்பாலும் அவர்களே வரம்புக்குப் பக்கத்தில் வந்துவிடுவார்கள். அப்படி வந்த எண்ணை மூன்று வாரம் கழித்து யாரும் உங்கள் தலையில் போடமாட்டார்கள்.

விற்கும் திட்டம்

திட்டம் என்றால் 'நல்ல படம், சமூக ஊடகம், திறந்த வீடு' என்ற பட்டியல் இல்லை. திகதியும், யார் செய்வது, யார் பணம் கொடுப்பது என்பதும் இருக்க வேண்டும்.

முதல் முடிவு, எப்படி விலை போடுவது. ஒன்று, 949,900 என்று வரம்புக்குள் போட்டு எந்த நாளும் ஒஃபரை ஏற்பது. மற்றது, 850,000 அளவில் குறைத்துப் போட்டு, ஒரு வாரம் கழித்து ஒரே இரவில் ஒஃபர்களைப் பார்ப்பது. வாங்குபவர்கள் நெரிசலாக இருக்கும்போது இரண்டாவது வேலை செய்யும். நமது மூன்று வீடுகளும் கேட்ட விலைக்குக் கொஞ்சம் குறைவாக, இரண்டு மூன்று வாரம் எடுத்து விற்றிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சந்தையில் ஒஃபர் இரவு வைத்தால் ஒரு ஒஃபர் வரும், அதுவும் 850,000க்கு வரும். மறுநாள் 949,900க்கு ஏற்றிப் போட்டால், இந்த வீடு நேற்றுப் போகவில்லை என்பது எல்லா ஏஜண்டுக்கும் தெரிந்துவிடும். ஆகவே இந்த வீட்டுக்கு முதல் வழி என்பேன், காரணத்தையும் அதே பக்கத்தில் எழுதுவேன்.

போட்டி ஒஃபர்கள் வந்தால் அவற்றின் விபரங்களை மற்ற வாங்குபவர்களுக்குக் காட்டலாமா என்பதும் இப்போது விற்பவரின் தெரிவு. ட்ரேசாவுக்கு முன் அதற்கு அனுமதி இருக்கவில்லை. காட்டுவதா வேண்டாமா என்பதைச் சந்திப்பில் பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு நாட்காட்டி. படம் எடுக்கும் நாளுக்குப் பத்து நாள் முன் வீட்டில் உள்ள சாமான்களைக் குறைக்கத் தொடங்க வேண்டும். இங்கே கையில் ஒரு கொப்பியோடு அறை அறையாகப் போங்கள். பொருட்கள் குறைந்தால்தான் அறை படத்தில் தன் அளவுக்குத் தெரியும். 'சாமானை ஒதுக்குங்கள்' என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. 'இந்த இரண்டாவது சோபா, சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் உள்ள அரிசி மூட்டைகள், ஜன்னல் விளிம்பில் உள்ள எட்டுப் போத்தல்கள், இவை கராஜுக்கு' என்று சொன்னால் நடக்கும். கறிவேப்பிலைச் செடியை ஜன்னலில் விடலாம், அழகாகவே இருக்கும். சாமி அறையை எடுக்கச் சொல்லும் ஏஜண்டுகள் உண்டு. நான் சொல்வதில்லை. கதவைச் சாத்தலாம், அல்லது படம் எடுக்கும் கோணத்தை மாற்றலாம். வீடு காட்டும் நாட்களில் எண்ணெயில் பொரிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்பேன். வாடகைக்காரரின் அறையைப் படம் எடுப்பதற்கு அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவருடைய ஒத்துழைப்பு இல்லாமல் பேஸ்மென்ட்டை நன்றாகக் காட்ட முடியாது.

படமும் அறை அளவு வரைபடமும் செவ்வாய், எம்.எல்.எஸ்ஸில் போடுவது வியாழன், திறந்த வீடு சனி ஞாயிறு பிற்பகல் இரண்டு முதல் நான்கு. முன்னதாக முகநூலிலோ வாட்ஸ்அப்பிலோ 'விரைவில் வருகிறது' என்று போட ஆசை வரும். 2024 ஜனவரி 3 முதல் கனடிய ரியல் எஸ்டேட் சங்கத்தின் விதிப்படி, பொதுவெளியில் விளம்பரம் செய்த மூன்று நாளுக்குள் வீடு எம்.எல்.எஸ்ஸில் இருக்க வேண்டும். படம் தயாராகும் முன் போட்டுவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

பதினான்காம் நாளைத் திட்டத்தில் இப்போதே எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வந்து பார்த்து ஒருவரும் ஒஃபர் தரவில்லை என்றால், படத்தில் கண்டதற்கும் வீட்டில் கண்டதற்கும் பொருந்தவில்லை. வாசனையா, பேஸ்மென்ட்டின் உயரமா என்று வந்த ஏஜண்டுகளைக் கேளுங்கள். இரண்டு மூன்று பேர்தான் வந்தார்கள் என்றால் விலை அவர்களைத் தெருவிலேயே நிறுத்திவிட்டது. அந்த நாள் எவ்வளவு இறக்குவது என்பதை இன்று அமைதியாகப் பேசி எழுதிவைத்தால், அன்றைக்குப் பேச்சு வார்த்தை சுலபம்.

கொமிஷனும் கையில் மிஞ்சுவதும்

கொமிஷனுக்குச் சட்டத்தில் ஒரு வீதமும் இல்லை. 'இங்கே எல்லோரும் ஐந்து' என்று சொல்லாதீர்கள். அது உண்மையும் இல்லை, போட்டிச் சட்டப்படி பேசத்தக்க பேச்சும் இல்லை. உங்கள் புரோக்கரேஜ் என்ன கேட்கிறது, அதற்கு என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

உதாரணத்துக்கு மொத்தம் ஐந்து வீதம் என்று பேசியதாக வைத்துக்கொள்வோம். அதில் பாதி வாங்குபவரின் ஏஜண்டு வேலை செய்யும் புரோக்கரேஜுக்குப் போகிறது. இதை ஒரே வரியில் 'ஐந்து' என்று சொன்னால், ஐந்தும் உங்கள் பைக்குள் போகிறது என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். பிரித்து எழுதுங்கள்: 950,000க்கு விற்றால் லிஸ்டிங் பக்கம் 23,750, வாங்குபவர் பக்கம் 23,750, மொத்தம் 47,500. அதன்மேல் 13 வீத எச்.எஸ்.டி 6,175. ஆக 53,675. எச்.எஸ்.டியைச் சொல்லாமல் விட்டால் விற்றபின் வழக்கறிஞரின் கணக்கில்தான் அதைப் பார்ப்பார்கள். அந்த ஆறாயிரத்துக்காக உங்கள் பெயர் கெடும்.

படம், வரைபடம், தளபாடம் அலங்கரிப்பவரின் ஆலோசனை ஆகியவை இதற்குள் அடக்கமா, தனியா என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். நீங்களே வாங்குபவரையும் கொண்டுவந்தால் வீதம் குறையுமா என்பதும் வரட்டும். கேட்க வெட்கப்படுவார்கள், ஆனால் மனதில் இருக்கும்.

வீதத்தைக் குறைக்கச் சொன்னால் என்ன செய்வது? வாங்குபவர் பக்கத் தொகையைக் குறைக்கலாம், உங்கள் வேலையில் ஒன்றைக் குறைத்து உங்கள் பக்கத்தைக் குறைக்கலாம், அல்லது மறுக்கலாம். எதைச் செய்தாலும் அதன் விளைவைச் சொல்லிச் செய்யுங்கள். வேலை அப்படியே இருக்க, கேட்டவுடன் ஒரு வீதத்தை விட்டுக்கொடுத்தால், முதலில் ஏன் கேட்டீர்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

கடைசித் தாள்தான் அவர்கள் மடித்து எடுத்து வைப்பது. 950,000. கொமிஷனும் வரியும் 53,675. வழக்கறிஞருக்கு ஏறக்குறைய 2,000. அடமான மிச்சம் 310,000. அடமானத்தை இடையில் உடைப்பதற்கான தண்டம் 4,500. கையில் 579,825. தண்டத் தொகையை நீங்கள் ஊகிக்க வேண்டாம். நிலையான வட்டி அடமானம் என்றால் பொதுவாக மூன்று மாத வட்டி அல்லது வட்டி வித்தியாசக் கணக்கு, இரண்டில் கூடியது வரும். அது சில ஆயிரமாகவும் இருக்கலாம், இருபதாயிரத்தைத் தாண்டவும் கூடும். வங்கியிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். இதே தாளை 930,000க்கும் ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டதால் வரியில் என்ன வரும் என்பதைக் கணக்காளரிடம் அனுப்புங்கள், நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அடுத்த வீட்டை ரொறன்ரோ எல்லைக்குள் வாங்கினால் மாகாணக் காணி மாற்று வரியோடு நகரத்தின் வரியும் சேரும், மார்க்கத்திலோ ஏஜாக்ஸிலோ வாங்கினால் மாகாண வரி மட்டும்தான் என்பதையும் சொல்லிவையுங்கள். மிஞ்சும் தொகையை வைத்துத்தான் அவர்கள் அடுத்த வீட்டைத் தேடப் போகிறார்கள்.

கையெழுத்து

லிஸ்டிங் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை விரலால் தொட்டுக் காட்டுங்கள். முடிவுத் திகதி முதலாவது. பொதுவாகப் பாவிக்கும் படிவத்தில் ஆறு மாதத்துக்கு மேல் போனால் விற்பவர் தனியாகச் சுருக்கக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது, ஒப்பந்தம் முடிந்த பின்னும் எத்தனை நாளுக்குள், முன்பு வீட்டைப் பார்த்த ஒருவர் வாங்கினால் கொமிஷன் உண்டு என்ற விதி. அந்த நாட்களை வெற்றிடத்தில் நீங்கள்தான் நிரப்புகிறீர்கள், பேசி நிரப்புங்கள். மூன்றாவது, இரண்டு பக்கமும் நீங்கள் நின்றால் என்ன என்ற பகுதி.

அன்றே கையெழுத்துப் போட வற்புறுத்தாதீர்கள். ஒன்பது பக்கத்தையும் விட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் மாலை அழைக்கும்போது, "இன்னொரு தம்பி ஒரு மில்லியன் ஐம்பதாயிரத்துக்கு எடுத்துத் தாறன் எண்டு சொல்லுறார்" என்று சொல்லக்கூடும். அவரைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். "நல்லது அக்கா. கடந்த மூன்று மாதத்தில் அந்த விலைக்கு விற்ற மூன்று பங்களோவை அவரிடம் கேட்டு வாங்குங்கோ. இருந்தால் நானும் பார்க்க வேணும்" என்று மட்டும் கேளுங்கள். அப்படியும் அவரிடமே கையெழுத்துப் போட்டுவிட்டால், ஒப்பந்தம் முடியும்வரை அவர்களை அழைத்து அந்த வீட்டைப் பற்றிப் பேசக்கூடாது. உங்கள் மூன்று வீடுகளின் கோப்பை எறிந்துவிடாமல் வைத்திருங்கள். அந்த லிஸ்டிங் காலாவதியானதாக எம்.எல்.எஸ்ஸில் கண்டால், புதிதாக விற்றவற்றைச் சேர்த்து, கணக்கைத் திரும்பப் போட்டு, அதற்குப் பிறகு அழையுங்கள்.